மூன்றாவது சட்டத்து எடையைச் சேர்க்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். பூதப்பாண்டி பக்கம் 40 சென்ட் கும்பப்பூ வயலில், மகசூல் கணிக்க 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் போட்டு மூன்று இடத்தில் அறுத்து, அடித்து, தூற்றி நிறுத்தோம். நெல் 590, 610, 720 கிராம். ஈரப்பதம் 20 சதவீதம்.

அறுத்த இடத்தின் போட்டோவில் தாள் கட்டைகளை எண்ணினால் 33, 34, 38 குத்து. நடவு கயிறு பிடித்து 20க்கு 15 சென்டிமீட்டர்; அப்படியானால் சதுர மீட்டருக்கு 33 குத்துதான் வரணும். ஒரு குத்துக்கு நெல் முதல் இரண்டிலும் 18 கிராம், மூன்றாவதில் 19. ஆக கதிர் பெருசா மாறல, குத்துதான் கூடியிருக்கு.

எனக்குச் சந்தேகம் ஓரக் குத்துகள் மேல்தான். சட்டக் கம்பியில் படுற குத்தை இரண்டு பக்கம் சேர்த்து, எதிர் இரண்டு பக்கம் விடணும். நாலு பக்கமும் சேர்த்தால் இப்படித்தான் ஏறும். சாய்ந்த கதிரை உள்ளே இழுத்தாலும் அதே கதை. போட்டோ சரிவாக எடுத்ததால் தூரத்துக் கம்பியோரம் தெளிவில்லை.

40 சென்ட் என்றால் 1619 சதுர மீட்டர். 720ஐ அப்படியே வைத்தால் சராசரி 640 கிராம், வயலுக்கு 1036 கிலோ. 33 குத்துக்குக் குறைத்தால் 720 என்பது 625 ஆகி, சுமார் 985 கிலோ. இதை 14 சதவீத ஈரத்துக்கு மாற்ற 80/86ஆல் பெருக்கினால் 916 கிலோ. வரப்பை இன்னும் கழிக்கல.

குத்துக் கணக்கில் திருத்துவதா, அந்த இடத்தை விட்டு வேறிடத்தில் அறுப்பதா? நடவே அங்கு நெருக்கமா என்று மிச்சக் கட்டைகளை வைத்துப் பார்க்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்க.