பள்ளி முதல் மாணவிக்கு வாழ்த்து வீடியோ: ஆளுக்குப் பதினைந்து நொடி

வணக்கம். பிளஸ் டூவில் 600க்கு 572 எடுத்து நம் பள்ளியில் முதலாவதாக வந்த மாணவிக்கு வாழ்த்து வீடியோ தயாரிக்கிறோம். ஆசிரியர்களும் கூடப் படித்தவர்களும் பேசி அனுப்புங்களேன்.

"சூப்பர், கலக்கிட்டே" எல்லாரும் சொல்வதுதான். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். அரையாண்டில் கணக்குப்பதிவியலில் 61 வாங்கியவள், கூட்டாளி சேர்ப்பில் தப்பாகப் போட்ட கணக்குகளை மட்டும் தனி நோட்டில் திரும்பத் திரும்பப் போட்டாளே, அது மாதிரி. துணைத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அந்த நோட்டையே தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கும் ஒரு வரி பேசுங்கள், அறிவுரையாக வேண்டாம்.

போனைப் படுக்கவாட்டில் பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்து நின்று எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது.

அப்புறம், எடிட்டிங் தெரிந்தவர் யாராவது ஞாயிறு மாலை கைகொடுக்க முடியுமா?