இன்வாய்ஸில் பாதி விலை: உங்கள் அனுபவம் என்ன?

பாரிமுனைக் கடைக்காரர்
சீனாவின் ஃபோஷானிலிருந்து ஆபீஸ் நாற்காலி இறக்கப் போகிறேன், முதல் கன்டெய்னர். பேசி முடித்த விலை 30 டாலர். சப்ளையரோ, “இன்வாய்ஸில் 14 போட்டுத் தருகிறேன், மீதியை வேறு வழியில் கொடுங்கள், உங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான்” என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

விளக்குக்கடை
நான் பார்த்தவரை பெரிய விஷயம் இல்லை. அதே சரக்குக்கு மற்றவர்கள் என்ன விலை காட்டியிருக்கிறார்கள் என்று அதிகாரி கணினியில் பார்ப்பார். நம் விலை குறைவாக இருந்தால் ஏற்றிவிடுவார். ஏற்றிய விலைக்கு டியூட்டி கட்டினால் கதை முடிந்தது.

சி.எச்.ஏ., சென்னை
முதல் பாதி சரி, கடைசி வாக்கியம் தவறு. 2021-ல் சுங்க ஏஜென்டான என்னிடம் உதவி கேட்டு வந்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவரும் நாற்காலிதான் இறக்கினார், ஒரு கன்டெய்னருக்கு 800. உண்மை விலை 24,000 டாலர், காட்டியது 11,200. மறைத்தது 12,800 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 9.6 லட்சம் ரூபாய். அப்போது நாற்காலிக்கு அடிப்படை வரி 25%, அதன்மேல் சர்சார்ஜ் சேர்த்து 27.5%, அதற்கும் மேலே 18% ஐ.ஜி.எஸ்.டி. மொத்தம் ஏறக்குறைய 4.84 லட்சம் மிச்சம் என்று கணக்குப் போட்டார்.

ஆனால் அதில் 2.20 லட்சம் ஐ.ஜி.எஸ்.டி. பில் போட்டு விற்பவருக்கு அது எப்படியும் கிரெடிட்டாகத் திரும்பி வரும். உண்மையான மிச்சம் 2.64 லட்சம்தான். சரி, 14 டாலருக்கு வாங்கியதாகக் கணக்கில் இருக்கும்போது முழு விலைக்குப் பில் போட்டால் லாபம் ஊதிப்போய் வருமான வரி கூடும். அதனால் பாதிச் சரக்கைப் பில் இல்லாமல் விற்றார். அந்த ரொக்கம் ஹவாலாவில் சீனாவுக்குப் போனது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் இரண்டு பொய் தேவைப்பட்டது.

மாட்டியது கணினி விலையால் அல்ல. ஏற்றிய விலைக்குக் கட்டிக் கட்டி இரண்டு வருடம் ஓட்டினார். அப்புறம் வருவாய்ப் புலனாய்வுத் துறையான டி.ஆர்.ஐ. வந்தபோது கிடைத்தவை இரண்டு: சரக்குக்கு எடுத்த மரைன் இன்சூரன்ஸ், அவருடைய போன். கப்பல் கவிழ்ந்தால் முழுப் பணமும் வேண்டுமே என்று பாலிசியை உண்மை விலைக்கு எடுத்திருந்தார். போனில் சப்ளையர் அனுப்பிய 30 டாலர் புரோஃபார்மா இன்வாய்ஸ் அப்படியே இருந்தது. வேண்டுமென்றே மறைத்தது என்று ஆனால் ஐந்து வருடம் பின்னோக்கிப் போய் டியூட்டி கேட்கலாம். அதோடு வட்டி, ஏய்த்த டியூட்டிக்குச் சமமான அபராதம். ஹவாலா தனி வழக்கு.

கோவை மெஷின் பார்ட்ஸ்
சார், எனக்கு நேர்ந்தது வேறு. பழைய மாடல் என்பதால் சப்ளையர் உண்மையாகவே 35% தள்ளுபடி கொடுத்தார். பேங்க் வழியாகவே முழுப் பணமும் போனது. அப்படியும் விலையை ஏற்றினார்கள். சரக்கு துறைமுகத்தில் கிடப்பதற்கான டெமரேஜ் ஏறிக்கொண்டிருந்ததால் “ஏற்றுக்கொள்கிறேன்” என்று கடிதம் கொடுத்துச் சரக்கை எடுத்தேன். இதுவும் குறைத்துக் காட்டியதாக ஆகுமா?

சி.எச்.ஏ., சென்னை
ஆகாது. அந்தக் கடிதம் இருப்பதால் அப்பீல்தான் கடினம். கணினியில் அதிக விலை இருக்கிறது என்பது மட்டுமே உங்கள் விலையை நிராகரிக்கப் போதாது. சந்தேகத்துக்குக் காரணம் சொல்லி உங்களிடம் ஆவணம் கேட்க வேண்டும். அடுத்த முறை தள்ளுபடி மெயில், பேங்க் அட்வைஸ் இரண்டையும் முன்கூட்டியே கொடுங்கள். அப்படியும் ஏற்றினால், ஒப்புக்கொள்ளாமல் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். அவசரமென்றால் பாண்டு கொடுத்து, விலை முடிவாகும் முன்பே புரொவிஷனலாக எடுக்கலாம்.

குழும நிறுவனக் கணக்காளர்
எல்லோரும் குறைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் கூட்டிக் காட்டினார்கள். சரக்கு வந்தது ஒரு நாட்டிலிருந்து, இன்வாய்ஸ் வந்தது சிங்கப்பூரில் இருந்த சொந்தக் கம்பெனியிலிருந்து. அங்கே ஒரு மேசையும் ஒரு ஆளும்தான். இந்த வகையில் பெரிதாகப் பேசப்பட்டது இந்தோனேசிய நிலக்கரி. கப்பல் நேராக இந்தியாவுக்கு வர, காகிதம் மட்டும் இடையில் சிங்கப்பூர், ஹாங்காங் என்று சுற்றி விலை ஏறியது என்பது 2016-ல் டி.ஆர்.ஐ. சொன்ன குற்றச்சாட்டு. நிலக்கரிக்கு டியூட்டி சொற்பம் என்பதால் விலையைக் கூட்டினாலும் வரி பெரிதாக ஏறாது. எரிபொருள் செலவு மின்கட்டணத்தில் சேர்ந்துவிடும். லாபம் வெளிநாட்டில் தங்கும், பில் நம் வீட்டுக்கு வரும். அதனால் இது வெறும் டியூட்டி விவகாரம் இல்லை என்று எனக்குக் கோபமே வருகிறது.

விளக்குக்கடை
இன்சூரன்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணா, எல்லோரையும் போனை எடுத்துப் பார்ப்பார்களா என்ன?

சி.எச்.ஏ., சென்னை
எல்லோரையும் பார்க்க மாட்டார்கள். சப்ளையர் ஒருவர் சிக்கினால், அவரிடம் வாங்கிய அத்தனை பேரும் பட்டியலில் வருவார்கள். சீனாவில் அவர் தாக்கல் செய்த ஏற்றுமதி டிக்ளரேஷனை அங்கிருந்து கேட்டு வாங்கவும் வழி உண்டு. ஏற்றுமதிச் சலுகைக்காக அவர் அங்கே உண்மை விலையைக் காட்டியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது.

பாரிமுனைக் கடைக்காரர்
30 டாலருக்கே இன்வாய்ஸ் வேண்டும் என்று எழுதிவிட்டேன், அவரும் சரி என்றார். ஆனால் பக்கத்துக் கடையில் இதே நாற்காலி என் அடக்க விலைக்கும் கீழே விற்கிறது. அதற்கு என்ன செய்வது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.