யூஐடி மாறி 250 யூஎஸ்டிடி வேறொருவர் கணக்குக்குப் போய்விட்டது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே அனுப்பும்போது, பெறுநரின் கணக்கு எண்ணான யூஐடியின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. அந்த எண்ணிலும் ஒருவர் இருந்ததால் நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. இது பிளாக்செயினில் ஏறாமல் எக்ஸ்சேஞ்சின் கணக்கேட்டுக்குள் மட்டுமே நடக்கும் மாற்றம். எக்ஸ்ப்ளோரரில் தேடிப் பயனில்லை.

சப்போர்ட்டுக்கு ஆர்டர் எண், நேரம், சரியான யூஐடி, தவறான யூஐடி நான்கும் கொடுத்தாயிற்று. பெறுநருக்குச் செய்தி அனுப்பி, சம்மதம் கேட்பார்களாம். அவர் மறுத்தாலோ பதிலே தராவிட்டாலோ, அவர் இருப்பில் கை வைக்க மாட்டார்கள். பெயரையும் சொல்ல மாட்டார்கள். (அதுவும் நியாயம்தான்.)

சென்னையில் யாராவது இதற்கு வக்கீல் நோட்டீஸோ சைபர் கிரைம் புகாரோ கொடுத்திருக்கிறீர்களா? ஏமாற்று இல்லை, என் கைப்பிழை. புகாரை எடுத்துக்கொண்டார்களா? எக்ஸ்சேஞ்ச் எந்தக் கடிதத்துக்கு அசைந்தது?