லிமிட் ஓர்டர் நிறைவேறவே மாட்டேன் என்கிறது, விலையைக் கூட்டிக்கொண்டே போகிறேன். உதவி!

உப்புவெளி_ஆள்:
வணக்கம். காலையிலிருந்து ஒரு பங்கு வாங்கப் பார்க்கிறேன். இந்த விலைக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று லிமிட் ஓர்டர் போட்டேன், கிடைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தேன், அப்போதும் கிடைக்கவில்லை. விலை எனக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னும் கூட்டவா, விட்டுவிடவா? கொஞ்சம் அவசரம், மார்க்கட் 2.30க்கு மூடிவிடும்.

கிண்ணியா_நாநா:
எந்த மார்க்கட், எந்தப் பங்கு, எத்தனை? ஒன்றும் சொல்லாமல் என்னத்தைச் சொல்வது தம்பி.

பழைய_கை:
ஓர்டர் புத்தகத்தைப் பார்க்கத் தெரியாமல் வியாபாரத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படி கூட்ட வேண்டும், அவ்வளவுதான். இதை இங்கே பல முறை எழுதிவிட்டேன்.

நிலாவெளி77:
ஸ்டொப் லொஸ் போட்டால் இந்தப் பிரச்சினையே வராதே?

ஓர்ஸ்_ஹில்:
அவர் வாங்க நிற்கிறார், கையில் பங்கே இல்லை. விலை விழுந்தால் கையில் இருப்பதை விற்கிற ஸ்டொப் லொஸ் எதற்கு?
உப்புவெளி, நாலு விசயம் சொல்லுங்கள். முதலில் போட்டபோது பிட், அதாவது வாங்குகிறவர்கள் கொடுக்க நின்ற உச்ச விலை, என்ன? ஆஸ்க், அதாவது விற்கிறவர்கள் கேட்ட ஆகக் குறைந்த விலை, என்ன? நீங்கள் ஒவ்வொரு முறை கூட்டும்போதும் ஆஸ்க் எங்கே நின்றது? இப்போது என்ன நிலை? இருந்த ஓர்டரிலேயே விலையை மாற்றி அமென்ட் செய்தீர்களா, கான்சல் செய்து புதிதாகப் போட்டீர்களா?

உப்புவெளி_ஆள்:
கொழும்பு மார்க்கட்தான். பங்கின் பெயர் வேண்டாமே. 3000 வாங்க வேண்டும். தொடங்கும்போது பிட் 24.00, ஆஸ்க் 24.40. நான் 24.10 போட்டேன். பிறகு 24.20. அப்புறம் யாரோ 24.30 போட்டார், 24.40இல் இருந்ததை வேறு யாரோ அள்ளிவிட்டார்கள், ஆஸ்க் 24.60 ஆகிவிட்டது. நான் 24.40க்குப் போனேன். ஆஸ்க் 24.80 ஆக நான் 24.60. இப்போது நான் 24.70, ஆஸ்க் 25.00. எல்லாம் அமென்ட்தான்.

டொக்யார்ட்_வீதி:
அந்த 24.30காரன் உங்களை இழுக்கத்தான் போட்டிருப்பான். கூட்டு சேர்ந்து செய்கிறார்கள். சின்ன ஆட்கள் பின்னால் வருவது அவர்களுக்குத் திரையில் தெரியும்.

ஓர்ஸ்_ஹில்:
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திரையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது. தொடங்கும்போது உங்கள் விலைக்கும் ஆஸ்க்குக்கும் இடையில் 30 சதம். இப்போதும் அதே 30 சதம். அதாவது 60 சதம் கூட்டியும் ஓர் அடிகூட நெருங்கவில்லை.

24.10இலிருந்து 24.20க்குப் போனபோது ஆஸ்க் அசையாமல் நின்றது, இடைவெளி 20 சதமாகக் குறைந்தது. படிப்படியாக நெருங்குவது என்றால் அதுதான். அடுத்த மூன்று முறையும் ஆஸ்க் நகர்ந்த பிறகுதான் நீங்கள் நகர்ந்திருக்கிறீர்கள். அது துரத்தல். பேசாமல் ஆரம்பத்திலேயே 24.40 கொடுத்திருந்தால் 24.10ஐ விட 30 சதம்தான் கூட. இப்போது 24.70இல் வெறும் கையோடு நிற்கிறீர்கள்.

உப்புவெளி_ஆள்:
வெறும் கை என்று இல்லை. 24.20இல் 800 கிடைத்தது. மிச்சம் 2200தான் கிடைக்கவில்லை.

கிண்ணியா_நாநா:
இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! 😀

ஓர்ஸ்_ஹில்:
அப்படியென்றால் கதையே வேறு. ஒரு விற்பனைக்காரர் உங்கள் விலைக்கு இறங்கி வந்திருக்கிறார். மிச்சம் 2200உம் 24.20 வரிசையில் தன் இடத்திலேயே இருந்தது, அடுத்தவர் வந்தால் அதற்குத்தான் முதலில். விலையை மாற்றிய உடனே அந்த இடம் போய்விடும், புதிய விலையின் வரிசையில் கடைசியில் நிற்பீர்கள். திரும்ப 24.20க்கு இறக்கினாலும் பழைய இடம் வராது.

பழைய_கை:
ஐந்து நிமிடம் காத்திருந்திருந்தால் சரி. நான் சொன்னது அதுதானே.

ஓர்ஸ்_ஹில்:
மணிக்கூட்டை வைத்துச் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணன். சில பங்குகளில் ஐந்து நிமிடத்தில் ஒரு கைமாற்றம்கூட நடக்காது. நடந்தவை எந்த விலையில் நடந்தன என்று பார்க்க வேண்டும். பிட்டில் நடந்துகொண்டிருந்தால் விற்கிறவர்கள் கீழே வருகிறார்கள், பேசாமல் இருக்கலாம். ஆஸ்க்கில் மட்டும் நடக்கிறது, ஆனால் ஆஸ்க் நகரவில்லை என்றால் ஒரு படி கூட்டலாம். ஆஸ்க் நகர்ந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும்.

உச்சத்தையும் போடுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். நானாக இருந்தால் முதலில் கண்ட ஆஸ்க் 24.40, அதற்கு மேல் ஒரே ஒரு படி, 24.50. குறைந்தபட்ச அசைவே 10 சதம் என்பதால் 24.20, 24.30 என்று இரண்டே படிகள், பிறகு 24.40ஐயே எடுத்துவிடுவது. அது போய்விட்டால் 24.50இல் நிற்பது, அதற்கு மேல் இல்லை. இழுக்கிறார்களோ, உண்மையாகவே ஏறுகிறதோ, இரண்டுக்கும் அந்தக் கோடுதான் பதில்.

நிலாவெளி77:
எனக்கு கிரிப்டோவில் நடந்தது. எப்போதும் முதல் பிட்டை விட ஒரு படி மேலே நிற்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் பிட்டே என்னுடையது என்பதை அது பார்க்கவில்லை. தன்னைத் தானே முந்தி முந்தி ஆஸ்க் வரைக்கும் ஏறிவிட்டது. 😅

ஓர்ஸ்_ஹில்:
கையால் செய்கிறவர்களும் இதையே செய்கிறார்கள். முதல் பிட்டில் உள்ள அளவு உங்கள் அளவோடு சரியாகப் பொருந்தினால் அங்கே நிற்பது நீங்கள் மட்டும்தான். கூட்டினால் உங்களையே முந்துகிறீர்கள்.

கிண்ணியா_நாநா:
ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு 30 சதம் ஒரு விசயமா? ஆஸ்க்கை எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

டொக்யார்ட்_வீதி:
24 ரூபாயில் 30 சதம் என்றால் நூற்றுக்கு ஒன்றேகால். புரோக்கர் கமிஷன், மற்றச் செலவு எல்லாம் சேர்த்தே 1.12தான் போகிறது. இரண்டு முறை கமிஷன் கட்டியதுபோல ஆகிவிடும் நாநா.

கிண்ணியா_நாநா:
சதத்தை எண்ணிக்கொண்டிருந்து போன வருடம் ஒரு நல்ல பங்கை விட்டேன், இரட்டிப்பாகிவிட்டது. அந்தக் கணக்கை யார் போடுவது?

பழைய_கை:
இரட்டிப்பானதை மட்டும்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கிண்ணியா_நாநா:
உங்களுக்கு அதுவும் இல்லை போல.

ஓர்ஸ்_ஹில்:
சண்டை பிறகு. உப்புவெளி, இறக்குவதானால் அளவுப் பெட்டியைக் கவனியுங்கள். சில புரோக்கர் திரைகளில் அமென்ட் செய்யும்போது மொத்த அளவைக் கேட்கும், சிலவற்றில் மிச்சத்தை. மிச்சம் கேட்கிற இடத்தில் 3000 என்று விட்டால் 800 கூடுதலாக வாங்கிவிடுவீர்கள்.

உப்புவெளி_ஆள்:
24.50க்கு இறக்கினேன். மூட முன்னம் 300 கிடைத்தது. மிச்சம் நாள் ஓர்டர் என்பதால் போய்விட்டது. நாளைக்குப் பார்க்கிறேன். நன்றி எல்லோருக்கும்.

டொக்யார்ட்_வீதி:
நாளைக்கு 24.90இல் திறந்தால் உச்சம் 24.50தானா, புதிதாகவா?

ஓர்ஸ்_ஹில்:
புதிய செய்தி ஏதும் வராவிட்டால் பழையதுதான். இல்லாவிட்டால் நாளுக்கு ஒரு படி துரத்துகிறோம்.

கிண்ணியா_நாநா:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு நாளைய விலைதான். பழைய விலைக்குப் பங்கு எங்கே விற்கிறார்கள் என்று சொல்லுங்கள், நானும் வாங்க வருகிறேன்.