0–100 மாற்றத்துக்கும் இசட் புள்ளிக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்: வணக்கம். விரிதாள் செயலி ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ஒரு கட்டளை, மதிப்பெண் நெடுவரிசையில் மிகக் குறைந்ததை 0 ஆகவும் மிக உயர்ந்ததை 100 ஆகவும் வைத்து, மற்றவற்றை இடையில் நிறுத்துகிறது. இன்னொன்று, ஒருவர் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறார் என்று காட்டுகிறது. எனக்கு முன் செய்தவர் இரண்டுக்கும் ‘இயல்பாக்கம்’ என்றே போட்டிருக்கிறார்.

```
=(B2-MIN(B$2:B$6))/(MAX(B$2:B$6)-MIN(B$2:B$6))*100
=(B2-AVERAGE(B$2:B$6))/STDEV.P(B$2:B$6)
```

பள்ளி ஆசிரியை: 40க்கு 30 வாங்கினால் நூற்றுக்கு 75. நாங்கள் தினமும் செய்வதுதானே? ‘நூற்றுக்கு மாற்றுதல்’ போதும்.

புள்ளியியல் பேராசிரியர்: அது சதவீதம், அம்மா. இது வேறு. ஐந்து பேர் 35, 45, 50, 55, 65 எடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் கட்டளையில் 35 எடுத்தவருக்கு 0 வரும், 55 எடுத்தவருக்கு 67 வரும். ‘நூற்றுக்கு’ என்று தலைப்பிட்டால் 35 எடுத்த பிள்ளை ஒன்றுமே எழுதவில்லை என்று பெற்றோர் நினைத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். 35 இருந்த இடத்தில், தேர்வுக்கு வராத ஒருவருக்கு 0 பதிந்துவிட்டால், 55 எடுத்தவர் ஒரு மதிப்பெண்கூடக் கூடாமல் 67இலிருந்து 85க்குப் போய்விடுகிறார். இரண்டாவது கட்டளை தரும் இசட் புள்ளியில் அவர் 0.50இலிருந்து 0.53க்குத்தான் நகர்கிறார். ஆனால் அதுவும் முழுக்கத் தப்பாது: 65 எடுத்தவர் 1.5இலிருந்து 0.98க்கு இறங்குகிறார். முதல் கணக்கு இரு முனைகளையே நம்பி நிற்பதால் பெயரில் ‘வீச்சு’ இருக்கட்டும். ‘வீச்சளவாக்கம்’ என்பேன்.

தரவுப் பொறியாளர்: முதலாவது சரி. இரண்டாவதற்கு ‘இயல்பாக்கம்’ பொருந்துமே! அதைச் செய்தால் தரவு இயல்நிலைப் பரவலாகிவிடுகிறது.

பேராசிரியர்: ஆகாது. சராசரி 0, திட்ட விலக்கம் 1 ஆகும் என்பதுவரை உண்மை. ஒரு பக்கம் சாய்ந்திருந்த பரவல் சாய்ந்தபடியேதான் இருக்கும். இந்த மயக்கத்தை வளர்ப்பதால்தான் அந்தச் சொல்லே வேண்டாம் என்கிறேன். ‘தரப்படுத்தல்’ எப்படி?

யாழ்ப்பாணத்து ஆசிரியர்: ஐயா, தயவுசெய்து அது வேண்டாம். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மொழிமூல மாணவர் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று வந்த ஏற்பாட்டுக்கு எங்களிடம் அதுதான் பெயர். இன்று அனுமதிக்குப் பயன்படுவது இந்த இசட் புள்ளி. இதற்கே அந்தப் பெயரையும் வைத்தால் எங்கள் வீடுகளில் என்னவென்று வாசிப்பார்கள்? திட்ட விலக்கத்தை நாங்கள் ‘நியம விலகல்’ என்போம். ‘நியமப் புள்ளி’ என்றால் உடனே விளங்கும்.

பேராசிரியர்: அந்தச் சொல்லின் பாரம் எனக்கு உறைக்கவில்லை. திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘திட்ட விலக்கம்’ படித்த எங்கள் மாணவர்களுக்குத் ‘திட்டப் புள்ளி’தான் நெருங்கும்.

ஆசிரியை: ‘திட்டப் புள்ளி’ என்றால் ஏதோ அரசுத் திட்டத்துக்குத் தரும் புள்ளி போலிருக்கிறதே!

மொழிபெயர்ப்பாளர்: ‘வீச்சளவாக்கம்’ எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு இப்போதைக்கு ‘இசட் புள்ளி’ என்றே விடுகிறேன். இலங்கைப் பதிப்பில் ‘நியமப் புள்ளி’ வரும். தமிழ்நாட்டுப் பதிப்புக்கு ‘திட்டப் புள்ளி’யைவிடத் தெளிவான சொல் யாரிடமாவது இருக்கிறதா?