கவினின் பொருத்துக வினாவும் இலவமரத்துக் கிளியும்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

சித்ரா (மாலை 6:40)
பெரியப்பா, வணக்கம். கவினுக்குப் பள்ளியில் தொடர்களைப் பொருளோடு பொருத்தும் பயிற்சி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இடப்பக்கத்தில் ஐந்து தொடர்கள் உள்ளன: இலவு காத்த கிளி, விழலுக்கு இறைத்த நீர், அத்தி பூத்தாற்போல், ஆகாயத் தாமரை, தாமரை இலைத் தண்ணீர். வலப்பக்கத்தில் பொறுமை, ஏமாற்றம், வீண், இல்லாத ஒன்று, ஒட்டாமை, அரிதாக என்று ஆறு பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று மிகுதியானது. அவன் இலவுக்குப் பொறுமை, விழலுக்கு ஏமாற்றம், அத்திக்கு இல்லாத ஒன்று, ஆகாயத் தாமரைக்கு வீண், தாமரை இலைக்கு ஒட்டாமை என்று எழுதிவிட்டு, "அரிதாக" என்பதுதான் மிகுதி என்கிறான். நான்கு தவறு என்று ஆசிரியர் குறித்திருக்கிறார். மனப்பாடம் செய்யாமல் இவற்றை ஊகிக்க வழி உண்டா?

நித்யா (6:46)
அக்கா, நானும் தொகுதி 4 தேர்வுக்கு இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். தொடர் நல்லதைச் சொல்கிறதா, கெட்டதைச் சொல்கிறதா என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி விடைகள் தாமாகவே கழிந்துவிடும். இலவு காத்த கிளி கெட்டது. ஆகவே பொறுமை அங்கே வராது. இந்த ஒரு விதியே போதும் என்று கவினிடம் சொல்லுங்கள்.

சித்ரா (6:49)
கெட்டது என்று அவனுக்கு எப்படித் தெரியும், நித்யா? கிளி ஒரு மரத்தைக் காத்துக்கொண்டிருந்தது என்றால் அது நல்ல கிளிதானே என்று என்னையே திருப்பிக் கேட்கிறான்.

சேகர் மாமா (6:55)
ஆகாயத் தாமரையைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் ஊர் ஏரி கரை முதல் கரை வரை ஆகாயத் தாமரையால் மூடிக் கிடக்கிறது. வாய்க்காலிலும் அது அடைத்துக்கொள்வதால் தண்ணீர் வயலுக்கு வந்து சேர்வதே இல்லை. ஆள் வைத்து அள்ளிப் போட்டாலும் அடுத்த மழைக்குள் மறுபடியும் பரவிவிடுகிறது. இதை அடியோடு ஒழிக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

பெரியப்பா (7:10)
சித்ரா, கவின் சிந்திக்காமல் எழுதவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேகர் இப்போது கூறியதைப் படித்தாலே, அவன் ஆகாயத் தாமரைக்கு ஏன் "வீண்" என்று எழுதினான் என்பது விளங்கும். நீர்நிலையை அடைக்கும் அந்தக் களைக்கு அதே பெயர் வழங்குவதால், பையன் தான் கண்ட செடியை நினைத்துப் பயனற்றது என்று முடிவு கட்டிவிட்டான். தொடரில் உள்ள தாமரையோ வானத்தில் பூத்த தாமரை. தாமரைக்கு நீரும் சேறும் வேண்டும். வானத்தில் அவை இரண்டும் இல்லை. ஆகவே அப்படி ஒரு பூவே இல்லை.

நித்யா சொன்ன விதி பாதி வழி வரைதான் வரும். ஏமாற்றம், வீண் ஆகிய இரண்டுமே கெட்டவை என்பதால், கிளியையும் விழலையும் அந்த விதியைக் கொண்டு பிரிக்க முடியாது. தொடர் மனத்தில் காட்டும் படத்தில் யார் இருக்கிறார், அவர் எதை விரும்பினார், இறுதியில் அவருக்கு என்ன கிடைத்தது என்று முடிவு வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும். கவின் படத்தின் நடுவிலேயே நின்றுவிட்டான். கிளி காத்திருந்த வரையில் அது பொறுமைதான், அதில் பிழை சொல்ல முடியாது.

சித்ரா (7:14)
இறுதியில் அந்தக் கிளிக்கு என்னதான் ஆயிற்று, பெரியப்பா? நகரத்தில் வளர்ந்த அவன் இலவ மரத்தைப் பார்த்ததே இல்லை.

பெரியப்பா (7:25)
இலவங்காய் பச்சையாக, நீண்டு பருத்துத் தொங்கும். பார்ப்பதற்கு இன்னும் சில நாளில் பழுத்துவிடும் என்றே தோன்றும். கிளி அது கனியட்டும் என்று காத்திருக்கிறது. ஆனால் அந்தக் காய் ஒருபோதும் கனிவதில்லை. முற்றி, காய்ந்து, பழுப்பாகி வெடிக்கும்போது உள்ளிருந்து பஞ்சுதான் பறக்கும். நம் வீட்டுத் தலையணையில் இருக்கிறதே, அதே பஞ்சு. பழத்தை எண்ணிக் காத்திருந்த கிளிக்குக் கடைசியில் மிஞ்சியது ஏமாற்றம். இந்தத் தொடரில் "காத்த" என்பது காவல் காத்ததைக் குறிக்கவில்லை, காத்திருந்ததையே குறிக்கிறது என்பதையும் அவனிடம் சொல். சில வினாத்தாள்களில் "பாதுகாப்பு" என்ற பொருளையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளைத் தடுமாற வைப்பார்கள்.

சேகர் மாமா (7:33)
அத்தான், விழலுக்கு இறைத்த நீர் என்பதில் எனக்கு ஒரு ஐயம். விழல் ஒன்றுக்கும் உதவாதது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பாட்டனார் காலத்தில் விழல் அறுத்துத்தான் கூரை வேய்ந்தார்கள். கோடையில் அந்த வீட்டுக்குள் இருந்த குளிர்ச்சி இன்றைய காங்கிரீட் வீட்டில் இல்லை. பயன்படுகிற புல்லுக்கு ஊற்றிய நீர் எப்படி வீணாகும்?

பெரியப்பா (7:45)
சேகர், நீ கேட்டதுதான் இந்தத் தொடரின் உயிர்நாடி. விழல் கூரைக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் அதற்காக யாராவது நீர் பாய்ச்சியதை நீ கண்டதுண்டா? அது ஈரம் உள்ள தரிசில் தானே முளைத்துத் தானே வளரும் புல். இன்னொன்றையும் கவனி: தொடரில் "ஊற்றிய நீர்" என்று இல்லை, "இறைத்த நீர்" என்று இருக்கிறது. ஏற்றத்தில் ஒருவர் மேலே நடந்து மிதிக்க, கீழே ஒருவர் சால் என்னும் நீர்வாளியைப் பிடித்துக் கவிழ்க்க, விடியலுக்கு முன்பே தொடங்கி இறைத்த நீர் அது. அவ்வளவு உழைப்பும் நெல்லுக்குப் போகாமல் புல்லுக்குப் போயிற்று. ஆகவே வீணானது நீர் மட்டும் அன்று, இறைத்தவனுடைய உழைப்பும்தான்.

கிளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கிளி எந்த உழைப்பும் செய்யவில்லை, ஆசையோடு காத்திருந்தது. அதனால் அது ஏமாற்றம். இறைத்தவன் உழைத்தான், பலன் இல்லை; அதனால் இது வீண்.

நித்யா (7:52)
இப்படிப் பார்த்தால் கடலில் கரைத்த பெருங்காயமும் விளங்குகிறது, பெரியப்பா. அங்கே உழைப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை; கடலின் அளவுக்கு முன்னால் பெருங்காயத்தின் மணம் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. நான் மூன்றுக்கும் "பயனின்மை" என்று ஒரே குறிப்பை எழுதி வைத்திருந்தேன்.

பெரியப்பா (7:56)
அதே. பெரிய குடும்பத்துச் செலவில் சிறு தொகை கரைந்து போவதற்குப் பெருங்காயம் பொருந்தும். கேளாதவனுக்குச் சொன்ன அறிவுரைக்கு அது பொருந்தாது.

சித்ரா (8:02)
அத்தி மட்டும் இன்னும் புரியவில்லை என்கிறான். அத்திக்குப் பூவே இல்லை என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். பூவே இல்லை என்றால் "இல்லாத ஒன்று" என்று எழுதியது எப்படித் தவறாகும் என்று கேட்கிறான்.

சேகர் மாமா (8:08)
அத்திக்குப் பூ உண்டு, அம்மா. இளம் அத்திக்காய் ஒன்றைப் பிளந்து பார்க்கச் சொல். உள்சுவர் முழுவதும் நெருக்கமாக நூல்நூலாக நிற்பவை எல்லாம் பூக்கள்தாம். வெளியில் தெரியாததால் ஊரில் பலரும் அத்தி பூக்காது என்றே சொல்லிவிடுகிறார்கள்.

பெரியப்பா (8:17)
செடியைப் பற்றி அறியாவிட்டாலும் தொடரின் சொல்லே வழிகாட்டும். "அத்திப் பூ" என்று நிறுத்தாமல் "பூத்தாற்போல்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது ஒன்று நிகழ்ந்திருக்கிறது. நிகழ்ந்ததை இல்லாதது என்று சொல்ல முடியாது, அரிதாக நிகழ்ந்தது என்றுதான் சொல்ல முடியும். ஆகாயத் தாமரையில் அப்படி எந்த நிகழ்ச்சியும் இல்லை. அது வெறும் பெயர். ஆகையால் அதற்கு "இல்லாத ஒன்று" என்ற பெயர் பொருந்துகிறது, "பூத்தாற்போல்" என்பதற்கு "அரிதாக" என்ற சொல் பொருந்துகிறது. வலப்பக்கத்துப் பொருள் பெயராக நிற்கிறதா, வினைக்கு அடையாக நிற்கிறதா என்று பார்த்தாலே பல வினாக்களில் இரண்டு மூன்று விடைகள் கழிந்துவிடும்.

மீனாட்சி அத்தை (8:24)
அண்ணா, எல்லாவற்றையும் சொன்னீர்கள். தாமரை இலைத் தண்ணீரை விட்டுவிட்டீர்களே. ஒட்டாமை என்றால் அது குறையா, நிறையா? நான் மகன் வீட்டில் எதிலும் தலையிடாமல் தாமரை இலைத் தண்ணீராக இருக்கிறேன் என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். சென்ற வாரம் சம்பந்தி அம்மாள் அதே சொல்லைக் கேட்டுவிட்டு முகம் வாடிப்போனார்.

பெரியப்பா (8:31)
பற்று அறுத்தவரைப் புகழவும் அதைச் சொல்வதுண்டு. உறவில் நெருக்கம் இல்லாதவரைக் குறை கூறவும் சொல்வதுண்டு. வினாத்தாளில் ஒட்டாமை, பற்றின்மை என்று எது இருந்தாலும் அதையே தேர்ந்தெடுக்கலாம். வீட்டுப் பேச்சில் எது பொருள் என்பதைச் சொன்னவர் குரலைக் கேட்டுத்தான் அறிய முடியும்.

மீனாட்சி அத்தை (8:34)
எனக்கு அது நிறைதான், அண்ணா. சம்பந்தியிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

சித்ரா (8:40)
இன்னும் ஒரு பகுதி இருக்கிறது, பெரியப்பா. கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். பெட்டிக்குள் கம்பி நீட்டுதல், கயிறு திரித்தல், செவிடன் காதில் ஊதிய சங்கு, விழலுக்கு இறைத்த நீர் என்று கொடுத்திருக்கிறார்கள். முதல் தொடர்: "கடன் கொடுத்தவர் முன்வாசலில் நிற்பதைக் கண்டதும் அவன் பின்வாசல் வழியாக ______." கம்பியை நீட்டுவதற்கும் கடனுக்கும் என்ன தொடர்பு என்று எவ்வளவு யோசித்தும் படம் வரவில்லை.

பெரியப்பா (8:50)
வராது. சில தொடர்களில் படம் தேய்ந்து போய்விட்டது. கம்பியை வைத்துப் பொருள் தேடினால் நேரம்தான் போகும். அத்தகைய இடத்தில் தொடரை விட்டுவிட்டு வாக்கியத்தைப் படிக்க வேண்டும். கடன்காரர் முன்னால், இவன் பின்வாசலில். அடுத்து நடக்கக்கூடியது ஓடிப்போவது ஒன்றுதான். கயிறு திரித்தல் என்றால் இல்லாததைக் கட்டிச் சொல்லுதல். அதற்குக் கேட்பவர் ஒருவர் எதிரில் வேண்டும், பின்வாசலில் அப்படி யாரும் இல்லை. ஆனால் "கம்பி நீட்டுதல்" என்று பெட்டியில் உள்ளபடியே எழுதிவிடக் கூடாது. எழுவாய் "அவன்", கண்டதும் நடந்து முடிந்த செயல், எனவே "கம்பி நீட்டினான்". பொருள் தெரிந்தும் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நித்யா (8:57)
அடுத்த தொடரை அக்கா எனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறார்: "எத்தனை முறை கூறியும் திருந்தாத அவனுக்குச் சொன்ன அறிவுரை ______ ஆயிற்று." இதற்கு நான் செவிடன் காதில் ஊதிய சங்கு என்பேன், அறிவுரை காதால் கேட்பதுதானே?

சித்ரா (8:59)
கவின் விழலுக்கு இறைத்த நீர் என்று எழுதியிருக்கிறான். எத்தனை முறை என்பதில் உழைப்பு இருக்கிறது என்று காரணமும் சொல்கிறான்.

பெரியப்பா (9:08)
இரண்டுமே பொருந்துகின்றன. "கேளாத" என்று இருந்திருந்தால் தயங்காமல் சங்கு என்பேன். "திருந்தாத" என்று இருப்பதால், அறிவுரை காதில் விழுந்தும் பலன் தரவில்லை என்று கொண்டு என் மனம் கவின் பக்கம் சாய்கிறது. ஆனாலும் நித்யாவின் விடையைத் தவறு என்று அடிக்க மாட்டேன். இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தது வினா அமைப்பில் உள்ள குறை. அவன் சொன்ன காரணத்தையும் விடைக்குக் கீழே ஒரு வரியில் எழுதி ஆசிரியரிடம் காட்டச் சொல்.

சேகர் மாமா (9:15)
அத்தான், எங்கள் ஏரி ஆகாயத் தாமரைக்கு இன்னும் யாரும் வழி சொல்லவில்லை.