சோலார் போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும்? கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம், மாங்குளத்தில் எங்கள் வீட்டுக் கூரைக்கு 3 கிலோவாட் சோலார் போட 6 லட்சம் ரூபாய்க்கு விலைமனு வந்திருக்கிறது. நாலு வருடத்துக்குள் காசு திரும்பிவிடும் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

கடந்த 12 மாத பில்களைக் கூட்டினேன். 2,160 அலகு, 84,000 ரூபாய். அதாவது அலகுக்கு 39 ரூபாய். அவர்கள் வருட உற்பத்தி 3,960 அலகையும் அந்த 39ஆல் பெருக்கியிருக்கிறார்கள். ஆனால் நாங்கள் பாவிப்பதே 2,160 தானே! மிச்சம் 1,800 அலகுக்கு, விலைமனுவின்படியே, 20 ரூபாய்தான் கிடைக்கும். அது 36,000. பில்லில் நிலையான கட்டணம் வருடத்துக்கு 12,000. சோலார் போட்டாலும் அது குறையாது என்று வைத்துக்கொண்டால் மிச்சமாவது 72,000. மொத்தம் 1,08,000. அப்படிப் பார்த்தால் ஐந்தரை வருடத்துக்கு மேல் போகும். இடையில் இன்வேட்டர் மாற்ற வேண்டி வந்தால் இன்னும் நீளும்.

என் சந்தேகம் அந்த 3,960இல்தான். கிலோவாட்டுக்கு மாதம் 110 அலகு என்று 12 மாதமும் ஒரே மாதிரிப் போட்டிருக்கிறார்கள். மாரி மழையில் அவ்வளவு வருமா? பகலில் கரண்ட் நின்றால், பற்றரி இல்லாத இன்வேட்டரும் நின்றுவிடும், அந்த நேர உற்பத்தியும் போய்விடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் போட்டவர்கள், உங்கள் கார்த்திகை, மார்கழி மாத உற்பத்தியையும் பங்குனி மாத உற்பத்தியையும் சொல்வீர்களா? எத்தனை கிலோவாட் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.